பருத்திப்பால் உன் செலவு

(இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைப் பற்றியவை: மனைவியை இழந்த நண்பருக்குப் பிறந்தநாள் வாழ்த்து எப்படி எழுதுவது? ஆகவே சினிமா, அரசியல் கேள்விகளெல்லாம் அடுத்த வாரம்.)

கே: என் பள்ளித் தோழனுக்கு வருகிற செவ்வாய்க்கிழமை பிறந்தநாள். 62 முடிகிறது. மனைவி போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. மகன் வெளியூரில், இவன் மட்டும் வீட்டில். வாட்ஸ்அப்பில் அனுப்ப இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "அன்பு நண்பனுக்கு இனிய பிறந்தநாள் வாழ்த்துகள். தங்கச்சி இல்லாத இந்தப் பிறந்தநாள் உனக்கு எவ்வளவு வேதனையாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் மேலே இருந்து உன்னை வாழ்த்துவாள். தனிமையை நினைத்துக் கலங்காதே, நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். எந்த நேரத்தில் எது வேண்டுமானாலும் தயங்காமல் கேள். நூறாண்டு வாழ்க." சரியாக இருக்கிறதா?
*— ஒரு வாசகர், மதுரை*

ப: கண்ணீர் அஞ்சலிப் போஸ்டருக்குச் சரியாக இருக்கிறது. பிறந்தநாளுக்கு இல்லை. வரி வரியாகப் பார்த்துவிடலாம்.

"அன்பு நண்பனுக்கு": நீங்கள் அவரை நேரில் எப்படிக் கூப்பிடுவீர்கள்? அவர் மனைவியைத் 'தங்கச்சி' என்கிறீர்கள், அப்படியானால் அவர் உங்களுக்கு 'மாப்ள'. இத்தனை வருஷமும் மாப்ளையாக இருந்தவர் திடீரென்று 'அன்பு நண்பன்' ஆனால், "என்னமோ ஆயிருச்சு, அதான் மரியாதை கூடியிருக்கு" என்றுதான் அவருக்குத் தோன்றும். துக்கம் வந்தவர்களிடம் நாம் முதலில் பறிப்பது பழைய பேச்சைத்தான். அதைத் திருப்பிக் கொடுங்கள்.

"எனக்குத் தெரியும்": தெரியாது. நீங்கள் இதை எழுதும்போது அடுக்களையிலிருந்து "காபி ஆறிப்போகுது" என்று ஒரு குரல் வந்திருக்கும். அது வராத வீடு எப்படி இருக்கும் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இன்னொன்று, செவ்வாய்க்கிழமை காலையில் அவர் ஏதோ ஒரு பழைய பாட்டை முணுமுணுத்தபடி முகச்சவரம் செய்துகொண்டிருக்கலாம். உங்கள் வரி வந்து அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிடும். வேதனை எப்போது வர வேண்டும் என்று அவர் மனசுக்குத் தெரியும். நீங்கள் நேரம் குறித்துக் கொடுக்க வேண்டாம்.

"மேலே இருந்து வாழ்த்துவாள்": அவருக்கு அந்த நம்பிக்கை இருந்தால் அதை அவரே சொல்லிக்கொள்வார். இல்லாவிட்டால், பிறந்தநாளும் அதுவுமாக உங்களோடு வாதம் செய்ய முடியாமல் தவிப்பார்.

"நாங்கள் எல்லோரும் இருக்கிறோம்": எல்லோரும் என்றால் யார்? செவ்வாய் சாயங்காலம் கதவைத் தட்டப்போவது யார்? 'எல்லோரும்' ஒருநாளும் யார் வீட்டுக்கும் வந்ததில்லை.

"தயங்காமல் கேள்": இதுதான் இருப்பதிலேயே பாரமான வரி. வீட்டில் உப்பு, மாத்திரை, துண்டு எல்லாம் கேட்பதற்கு முன்னாலேயே கைக்கு வந்து பழகிய மனுஷன். அவரிடம் போய், இனிமேல் எல்லாம் கேட்டுத்தான் வரும் என்கிறீர்கள். உதவி செய்கிற வேலை உங்களுடையது. கேட்கிற வேலையை அவர் தலையில் கட்டாதீர்கள்.

"நூறாண்டு வாழ்க": 62 போக மிச்சம் 38. ராத்திரி தனியாகச் சாப்பிடுகிறவருக்கு இது வாழ்த்தா, தண்டனைக் காலமா?

எல்லாம் கழித்தால் 'பிறந்தநாள் வாழ்த்து' மட்டும் மிஞ்சுகிறது. அதனோடு மூன்று சேருங்கள். ஒன்று, உங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு சமாச்சாரம். இரண்டு, அன்றைக்கே நடக்கிற ஒரு சின்னக் காரியம், நேரமும் இடமும் சொல்லி. மூன்று, வேண்டாம் என்று சொல்ல ஒரு சுலபமான வழி. உங்கள் கடிதத்தின் அடியில் பின்குறிப்பாக அந்த சைக்கிள் டோக்கன் கதையை எழுதியிருந்தீர்கள் அல்லவா? சரக்கு அங்கேதான் இருக்கிறது. இப்படி அனுப்புங்கள்:

"மாப்ள, பொறந்தநாள் வாழ்த்துடா. தங்கம் தியேட்டர் செகண்ட் ஷோவுக்குப் போயி சைக்கிள் டோக்கனத் தொலச்சது நீ. கடைசி சைக்கிள் கெளம்புற வரைக்கும் ஸ்டாண்டுல நின்னு, அஞ்சு ரூபா அபராதம் கட்டுனது நான். அந்தக் கணக்கு இன்னும் நிக்கிது. சாயங்காலம் ஆறரைக்கு ஒன் தெருமுனைக்கு வாரேன். பருத்திப்பால் உன் செலவு, வட்டிக்கு ஒரு கிளாஸ் சேத்து. இன்னைக்குத் தோதுப்படலைன்னா 'நாளைக்கு'ன்னு ஒரு வார்த்தை போடு, போதும்."

இதில் தனிமை என்ற பேச்சே இல்லை. ஆனால் அதற்குரிய மரியாதை அந்த ஆறரை மணியில் இருக்கிறது. காலையில் வாழ்த்துகள் வந்து குவியும், மகன் பேசுவான், பகல் எப்படியோ ஓடிவிடும். விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வீடு பெரிதாகும். அந்த நேரத்தை நீங்கள் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள், ஏன் என்று சொல்லவில்லை. அவருக்கும் புரியும், அவரும் சொல்லமாட்டார். கடன்காரனாக வருகிறவனுக்குக் கதவைத் திறப்பது, ஆறுதல் சொல்ல வருகிறவனுக்குத் திறப்பதைவிட எளிது.

ஒரே நிபந்தனை, ஆறரை என்றால் ஆறரைக்குப் போய் நில்லுங்கள். 'நாளைக்கு' என்று பதில் வந்தால் நாளைக்கும் போங்கள். அவருக்குச் சர்க்கரை இருந்தால் பருத்திப்பாலை விட்டுவிட்டு இனிப்பில்லாத சுக்குமல்லி காபி. வட்டி மட்டும் தள்ளுபடி கிடையாது.

கே: அந்த அம்மாவின் பெயரையே எடுக்கக் கூடாதா? எடுக்காமல் இருந்தால் மறந்துவிட்டோம் என்று நினைக்கமாட்டாரா?
*— ஒரு வாசகி, தஞ்சாவூர்*

ப: தாராளமாக எடுக்கலாம். ஆனால் அந்த அம்மா கதையில் ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும். "அவர் இல்லையே" என்று எழுதினால் அவருக்கு அதில் செய்ய ஒன்றுமே இல்லை. "உங்க வீட்டு மைசூர்பாக்கை அக்கா அம்மிக்குழவியால் உடைத்து, 'இது கடைச்சரக்கு இல்ல, கல்சரக்கு'ன்னு குடுத்தாங்களே" என்று எழுதுங்கள். அக்கா பேசுகிறார், சிரிக்கிறார், மைசூர்பாக்கு உடைகிறது. படிக்கிறவரும் சிரிப்பார். கண் கலங்கினாலும் அந்தச் சிரிப்போடு கலங்குவார்.

துக்கத்தை ஆராய்ந்த உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தின் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் இருவரும் 1999-ல் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். இழந்தவர் எப்போதும் இழப்பிலேயே இருப்பதில்லை. சில நேரம் அதைப் பார்ப்பார், சில நேரம் அதிலிருந்து திரும்பி அன்றாட வேலையைப் பார்ப்பார், மறுபடி அங்கே போவார். இந்தப் போக்குவரத்துதான் ஆளை நிமிர வைக்கிறது என்றார்கள். உங்கள் செய்தி போய்ச் சேரும்போது அவர் எந்தப் பக்கம் இருப்பார் என்று உங்களுக்குத் தெரியாது. மைசூர்பாக்குக் கதை இரண்டு பக்கமும் செல்லும். 'அவர் இல்லையே' ஒரு பக்கம்தான் செல்லும், அங்கேயும் பாதி நாள் செல்லாது.

கே: முதல் ஆளாக இருக்க வேண்டும் என்று ராத்திரி 12 மணிக்கு அனுப்பலாமா?
*— ஒரு வாசகர், ஆவடி*

ப: உங்கள் நண்பருக்கு வயது இருபது என்றால் அனுப்புங்கள். தனியாக இருக்கிற பெரியவரின் போன் நடுராத்திரியில் சத்தம் போட்டால், வாழ்த்து என்று தோன்றாது. ஆஸ்பத்திரி ராத்திரிகள் பழக்கிவிட்ட பயம் அது. காலை ஏழு மணிக்கு அனுப்புங்கள். முதல் ஆள் யார் என்று அவர் குறித்து வைப்பதில்லை. ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டவர் யார் என்பதுதான் நினைவிருக்கும்.

கே: என் நண்பரின் மனைவி இறந்து ஏழு மாதம்தான் ஆகிறது. தலைத்திவசம் இன்னும் வரவில்லை. அந்த வீட்டில் தீபாவளிகூடக் கிடையாது. வாழ்த்துவது தப்பில்லையா?
*— ஒரு வாசகர், சேலம்*

ப: வருஷம் திரும்பும்வரை பண்டிகை இல்லை என்பது பல வீடுகளில் வழக்கம். அதை மதியுங்கள். இனிப்பு டப்பாவோடு போக வேண்டாம், ஊதிய பலூன் ஆடுகிற படமும் வேண்டாம். ஆனால் பண்டிகை ஊருக்கு வருவது, பிறந்தநாள் அவருக்கு மட்டும் வருவது. அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால், மனைவியோடு அவரும் கணக்கிலிருந்து போய்விட்ட மாதிரி ஆகிவிடும்.

'கொண்டாட்டம்', 'மகிழ்ச்சி', 'இனிய' மூன்றையும் எடுத்துவிட்டு எழுதுங்கள். "இன்னைக்கு உங்க பொறந்தநாள்னு ஞாபகம் வந்துச்சு. மத்தியானம் பன்னெண்டரைக்கு வர்றேன், சேர்ந்து சாப்பிடுவோம். சாப்பாடு என் வீட்டுலேர்ந்து வருது, சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், ரசம், அவ்ளோதான்." பாயசம் இல்லை என்பதைப் பட்டியலே சொல்லிவிடும். துக்கத்துக்கு மரியாதை அதில் முடிந்தது.

கே: எங்கள் முன்னாள் அதிகாரிக்கு அறுபது ஆகிறது. இந்த வருஷம்தான் மனைவியை இழந்தார். அலுவலகக் குழுவில் எல்லோரும் 'மணிவிழா நாயகரே' என்று தொடங்கிவிட்டார்கள். நான் என்ன எழுத?
*— ஓர் அரசு ஊழியர், விழுப்புரம்*

ப: குழுவில் ஒன்றும் எழுதாதீர்கள். தனியாக எழுதுங்கள்.

நம் ஊரில் அறுபது மற்றப் பிறந்தநாள் மாதிரி இல்லை. தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது. பிறந்த ஆண்டின் பெயர் மறுபடி வர அறுபது வருஷம் ஆகும். 1966 சித்திரைக்குப் பின் பிறந்தவர் பராபவ ஆண்டுக்காரர், அந்தப் பராபவ 2026 சித்திரையில் திரும்புகிறது. இந்தச் சுற்று முடிவதைத்தான் சஷ்டியப்தபூர்த்தி என்று செய்கிறார்கள். அதில் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கலச நீர் ஊற்றுவார்கள், மறுபடி தாலி கட்டுவார்கள். பேச்சு வழக்கில் அதற்கு அறுபதாம் கல்யாணம் என்றே பெயர். திருக்கடையூர் கோயிலில் எந்த நாளும் ஜோடி ஜோடியாக மாலையும் கழுத்துமாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே, மனைவியை இழந்தவருக்கு 'மணிவிழா' என்ற வார்த்தையே ஒரு காலி மணையை எடுத்துப் போடுகிறது. குழுவில் எழுதுகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, யோசிக்காதவர்கள்.

அவருடைய அறுபதில் உங்களுக்குப் பங்குள்ள இடம் வேலை. அங்கிருந்து எழுதுங்கள்: "வணக்கம் சார், பிறந்தநாள் வாழ்த்துகள். நேற்று ஒரு பழைய கோப்பில் உங்கள் பச்சை மைக் குறிப்பு ஒன்று கண்ணில் பட்டது. 'நேரில் பார்த்துவிட்டு எழுதவும்' என்று இருந்தது. இப்போதும் அந்த மாதிரிக் கோப்பு வந்தால் நான் பைக்கை எடுத்துவிடுகிறேன். வியாழக்கிழமை காலை அந்தப் பக்கம் வருகிறேன். பத்து மணிக்கு வந்தால் உங்களுக்குச் சௌகரியமா? ஒரு சந்தேகம் கேட்க வேண்டும்."

சந்தேகம் உண்மையாக இருக்கட்டும். ஓய்வு பெற்ற மனிதரிடம் யோசனை கேட்பது பெரிய பரிசு, ஆனால் போலிச் சந்தேகத்தைக் கண்டுபிடிக்க முப்பது வருஷம் கோப்பு பார்த்தவருக்கு முப்பது நொடி போதும்.

கே: என் நண்பருக்கு ஜூன் 1-ந் தேதி நூறு வாழ்த்து வருகிறது. 'அது சர்ட்டிபிகேட் பிறந்தநாள்' என்று சிரிக்கிறார். நிஜப் பிறந்தநாள் ஐப்பசியிலாம். எதற்கு வாழ்த்த?
*— ஒரு வாசகர், கோவில்பட்டி*

ப: ஐப்பசிக்கு. இதைவிட நல்ல வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்காது.

அந்தத் தலைமுறையில் பலருக்கு ஜூன் மாதப் பிறந்தநாளைக் கொடுத்தவர் தலைமையாசிரியர். தலைக்கு மேலாகக் கையை வளைத்து மறுகாதைத் தொட்டால் ஐந்து வயது, தொட்ட கையோடு ஒரு தேதியைப் போட்டுவிடுவார். ஜூன் 1-ந் தேதி வாழ்த்துவது வங்கியும் இன்ஷூரன்ஸும். ஐப்பசியில் அவர் நட்சத்திரம் வருகிற நாளை நாள்காட்டித் தாளில் பார்த்து வைத்து, தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு, கோயிலில் பெயர் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்தவர் ஒருவர் இருந்திருப்பார். அவர் போனதும் அந்த நாள் வீட்டில் யாருக்கும் தெரியாத நாளாகிவிடுகிறது. சில பிள்ளைகளுக்கு அப்பாவின் நட்சத்திரமே தெரியாது.

ஆகவே இப்போதே ஒரு சாதாரணப் பேச்சில் நட்சத்திரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மாதத்தில் அந்த நட்சத்திரம் இரண்டு முறை வந்தால் பல வீடுகளில் பின்னால் வருவதை எடுப்பார்கள். அவர் வீட்டு வழக்கம் எதுவோ அதையும் கேளுங்கள். அன்று கோயிலுக்குப் போகிறவராக இருந்தால் அர்ச்சனை செய்துவிட்டு, "இன்னைக்கு உங்க நட்சத்திரம். குங்குமம் வச்சிருக்கேன், சாயங்காலம் கொண்டாந்து தர்றேன்" என்று மட்டும் எழுதுங்கள். கோயில் பழக்கம் இல்லையென்றால், "ஐப்பசிக்காரரே, நிஜ வாழ்த்து இதோ" என்பது போதும். நூறு பேர் தப்பான நாளில் வாழ்த்தியதன் நடுவே, சரியான நாளில் ஒருவர். "உங்களை இப்போது யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்" என்று அவர் கேட்காத கேள்விக்கு அது பதில்.

கே: எங்கள் அடுக்ககத்தில் மனைவியை இழந்த ஒருவருக்கு முப்பது பேர் சேர்ந்து திடீர் விழா, கேக், மைக் எல்லாம் ஏற்பாடு செய்திருக்கிறோம். தனிமை போய்விடும் அல்லவா?
*— சங்கச் செயலாளர், வேளச்சேரி*

ப: கேக் போய்விடும். ராபர்ட் வைஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் தனிமையைப் பற்றி 1973-ல் வெளியிட்ட புத்தகத்தில் அதை இரண்டு வகையாகப் பிரித்தார். பழக வட்டம் இல்லாத தனிமை ஒன்று. நெருக்கமான ஒருவர் இல்லாத தனிமை இன்னொன்று. ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு ஆகாது. உங்கள் முப்பது பேர் முதல் வகைக்கு நல்ல வைத்தியம். இரண்டாவது வகைக்காரருக்கு, முப்பது பேர் ஜோடியாக வந்து ஜோடியாகத் திரும்பிய பிறகு, லிப்டில் தனியாக மேலே போவதுதான் விழாவின் கடைசி நிகழ்ச்சி.

விழாவை நிறுத்த வேண்டாம், 'திடீர்' என்பதை நிறுத்துங்கள். முன்கூட்டிச் சொல்லுங்கள்: "சார், ஞாயிறு மாலை கீழே பத்துப் பேர் டீ குடிக்கிறோம், உங்க பிறந்தநாள் சாக்கு. அரை மணி நேரம்தான். மைக் கிடையாது." பேச்சாளர் யாரும் "தனியாளாக நின்று" என்று தொடங்கிவிடாமல் மைக்கே இல்லாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. முடிந்ததும் யாராவது ஒருவர், 'சதுரங்கப் பலகை இருக்கா சார்?' என்று கேட்டு அவர் கூடவே மேலே போகட்டும்.

கே: நான் பெண். உடன் வேலை பார்த்தவர், மனைவியை இழந்தவர். தனியாக வாழ்த்து அனுப்பினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசமாட்டார்களா?
*— பெயர் வேண்டாம், ஈரோடு*

ப: நாலு பேர் வாழ்த்து அனுப்பாவிட்டாலும் பேசுவார்கள். அவர் மனைவி இருந்தபோது எப்படி எழுதினீர்களோ, அந்த நீளத்தில், அந்தத் தொனியில் எழுதுங்கள். 'சார்' என்றால் இப்போதும் 'சார்', 'அண்ணா' என்றால் 'அண்ணா'. நீளம் கூடினால் பரிதாபம் தெரியும், குறைந்தால் பயம் தெரியும். இரண்டுமே அவருக்குப் புதுசு இல்லை, பிறந்தநாளன்றைக்காவது விட்டுவிடலாம்.

கே: பத்து வரி உருகி எழுதினேன். ஒரு கும்பிடு பொம்மையும் 'நன்றி'யும் வந்தது. கோபமா?
*— ஒரு வாசகர், நாகர்கோவில்*

ப: பத்து வரிக்குப் பத்து வரி என்று ஒப்பந்தமா போட்டீர்கள்? உருகி எழுதினால் உருகிப் பதில் எழுத வேண்டிய கடமை வந்துவிடுகிறது. அதற்குத் தெம்பில்லாதவர் கும்பிட்டு ஒதுங்குகிறார். அடுத்த முறை பதிலே தேவைப்படாத மாதிரி எழுதுங்கள்.

கவனிக்க வேண்டியது கும்பிடு இல்லை. வழக்கமாக வருகிற டீக்கடைக்கு வராமல் இருப்பது, சாப்பாடும் குளியலும் விட்டுப்போவது, சொந்தச் சாமான்களை ஒவ்வொன்றாகப் பிறருக்குக் கொடுப்பது, "இருந்து என்ன ஆகப்போகுது" என்று திரும்பத் திரும்பச் சொல்வது. இவை தெரிந்தால் செய்தி போதாது. அன்றே நேரில் போங்கள், "உயிரை விடுகிற எண்ணம் வருகிறதா" என்று ஒளிக்காமல் கேளுங்கள், ஆம் என்றால் தனியே விடாமல் மகனைக் கூப்பிடுங்கள், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற மத்திய அரசின் டெலி-மனாஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கே: வாழ்த்தின் கடைசியில் வேடிக்கையாக, 'சீக்கிரம் இன்னொரு கல்யாணம் பண்ணிக்கோடா' என்று சேர்க்கலாமா?
*— ஒரு வாசகர், திருப்பூர்*

ப: அவரே அந்தப் பேச்சை எடுத்தால் உட்கார்ந்து கேளுங்கள், தப்பே இல்லை. நீங்களாக எடுப்பதென்றால் ஜாதகக் கட்டோடு வாருங்கள், தரகு எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுங்கள். இரண்டும் இல்லையென்றால், 'சீக்கிரம்' வரை வைத்துக்கொண்டு மிச்சத்தை மாற்றுங்கள்: "சீக்கிரம் கெளம்பி வாடா, டீ ஆறுது."